அகலக் காட்சியை நெட்டுச் சட்டத்துக்கு மாற்றும்போது படம் விக்குகிறது, பின்னால் நழுவுகிறது: வெள்ளிக் கடற்கரைச் சிலம்பம்

கெடிலக்கரை

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் எங்கள் சிலம்ப வகுப்புப் பிள்ளைகளின் செய்முறையை வீடியோ எடுத்தேன். முக்காலியில் நிறுத்திய ஒரே கேமரா, 3840×2160, வினாடிக்கு 25 ஃப்ரேம். கேமராவை அசைக்கவே இல்லை. இப்போது அதே காட்சியை 1080×1920 நெட்டு வடிவில் கேட்கிறார்கள்.

பதினான்கு வினாடித் துண்டு ஒன்றில்தான் சிக்கல். ஒரு பெண் இடது ஓரத்தில் வணக்கம் வைத்து, கம்பைச் சுழற்றியபடி நடுவுக்கு வருகிறாள். அங்கே நின்று சிறிது நேரம் சுழற்றுகிறாள். பிறகு வலப்பக்கம் நிற்கும் எதிராளியை நோக்கிப் பாய்கிறாள். பிரீமியரில் Position-க்குக் கீபிரேம் வைத்து அவளைப் பின்தொடர்கிறேன். ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒன்று வைத்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் Ease In, Ease Out கொடுத்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்தால் படம் விக்கி விக்கி நகர்கிறது. அவள் அசையாமல் நிற்கும் இடத்தில்கூடச் சட்டம் தானாக இடப்பக்கம் சற்று நழுவி, பிறகு வலப்பக்கம் கிளம்புகிறது. அந்த இடத்தில் இரண்டு கீபிரேமுக்கும் ஒரே எண்தான் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது இந்த நழுவல்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, இதற்கு இவ்வளவு பாடு எதற்கு? கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் நெட்டாகத்தானே வருகிறது! என் பேத்தி அப்படித்தான் எடுக்கிறாள்.

கெடிலக்கரை

ஐயா, நிகழ்ச்சி முடிந்துவிட்டது. எடுத்தது அகலப் படம். அதை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

மஞ்சக்குப்பத்தான்

கையால் கீபிரேம் வைப்பதே வீண் வேலை. அவள் தலையில் ஒரு டிராக்கர் புள்ளி வைத்துவிடுங்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அது கண்டுபிடித்துக் கொடுக்கும். அதை அப்படியே Position-இல் ஒட்டிவிட்டால் ஆள் எப்போதும் நட்டநடுவில் இருப்பாள். அவள் குதிக்கும்போது மேலும் கீழும் சேர்ந்தே தொடரும். விக்கல் எங்கிருந்து வரும்?

முத்தியால்பேட்டை

கெடிலக்கரை, உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றாகப் பார்ப்பதால்தான் பிடிபடவில்லை.

முதலில் விக்கல். Ease In என்றால் அந்தக் கீபிரேமை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து சுழியத்தில் நிறுத்துவது. Ease Out என்றால் சுழியத்திலிருந்து கிளம்புவது. அரை வினாடிக்கு ஒரு கீபிரேம் வைத்து எல்லாவற்றுக்கும் இரண்டையும் கொடுத்தால், அரை வினாடிக்கு ஒருமுறை சட்டம் நின்று நின்று கிளம்பும். Effect Controls-இல் Position-க்குப் பக்கத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியை விரித்துப் பாருங்கள். வேகக் கோடு ஒவ்வொரு கீபிரேமிலும் தரையைத் தொட்டு எழும்பும். அதுதான் உங்கள் விக்கல். நகர்வு தொடங்கும் இடத்தில் Ease Out, முடியும் இடத்தில் Ease In. இடையில் உள்ளவற்றுக்கு இரண்டும் வேண்டாம்.

அடுத்து நழுவல். இது நேரத்தைப் பற்றியது அல்ல, பாதையைப் பற்றியது. பிரீமியர் Position கீபிரேம்களுக்கு இடையே பாதையைத் தானாகவே வளைத்துப் போடும். ஒரே எண் கொண்ட இரண்டு கீபிரேம், அதை அடுத்து வேறு எண்ணில் மூன்றாவது என்று வைத்தால், இரண்டாவது கீபிரேமின் வழியாகப் பாதை வழவழப்பாகப் போக வேண்டும் என்று அது நினைக்கிறது. அதற்காகப் போகவேண்டிய திசைக்கு எதிர்ப்புறம் சற்று இழுத்துக்கொண்டு கிளம்புகிறது. நிற்க வேண்டிய நேரத்தில் நழுவுவது இதனால்தான். நகர்வு முடியும் இடத்திலும் இதே கதை. இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும், கூர்ந்து பார்த்தால் தெரியும்.

மருந்து எளிது. எல்லா Position கீபிரேம்களையும் தேர்ந்தெடுத்து, வலச் சொடுக்கில் Spatial Interpolation, அதில் Linear. பக்கத்திலேயே Temporal Interpolation என்றும் ஒன்று இருக்கிறது. பலர் அதில்தான் Linear கொடுத்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்கிறார்கள்.

கெடிலக்கரை

அக்கா, நழுவல் அப்படியே நின்றுவிட்டது. நான் Temporal பக்கத்தில்தான் நேற்றெல்லாம் முட்டிக்கொண்டிருந்தேன்.

விக்கல் குறைந்தது, ஆனால் போகவில்லை. நடுவில் உள்ள கீபிரேம்களில் Ease எடுத்ததும் வேகம் திடுக்கென்று மாறுகிறது.

முத்தியால்பேட்டை

நடுவில் எதற்குக் கீபிரேம்? இந்தத் துண்டுக்கு நான்கு போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் எந்தெந்த வினாடியில், மூலப் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று சொல்ல முடியுமா? இடது ஓரம் 0, வலது ஓரம் 3840 என்று வைத்துக்கொண்டு தோராயமாகச் சொன்னால் போதும். தலையையோ கம்பின் நுனியையோ பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். சிலம்பத்தில் தலை குனியும், கம்பு எங்கெங்கோ போகும். உடம்பின் எடை இடுப்போடுதான் போகிறது.

மஞ்சக்குப்பத்தார் சொன்ன டிராக்கர் வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலையில் வைத்தால் ஒவ்வொரு குனிவுக்கும் சட்டம் ஆடும். ஆள் ஆணி அடித்ததுபோல் நடுவில் நிற்பாள், பின்னால் கடலும் மணலும் அலைபாயும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அவள் சட்டத்துக்குள் கொஞ்சம் அங்குமிங்கும் போகட்டும். சட்டம் அவள் இடம் மாறும்போது மட்டும் மாறட்டும்.

மேலும் கீழும் தொடரவும் இங்கே வழியில்லை. 2160 உயரத்தை 1920-க்குள் அடக்க Scale 88.9 வைக்கிறோம். அப்போது படத்தின் உயரமும் சட்டத்தின் உயரமும் சரிக்குச் சரி. Y-ஐ 960-இலிருந்து கொஞ்சம் நகர்த்தினாலும் மேலேயோ கீழேயோ கறுப்புப் பட்டை தெரியும். Scale-ஐ 100 ஆக்கினால் மேலே 120, கீழே 120 பிக்சல் இடம் கிடைக்கும். அதற்கு விலை, அகலத்தில் இன்னும் குறையும்.

மஞ்சக்குப்பத்தான்

Y விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். டிராக்கர் தரும் எண்களை வழவழப்பாக்கிக்கொண்டால் ஆட்டம் குறையும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

முத்தியால்பேட்டை

குறையும். வழவழப்பாக்கிக் கொண்டே போனால் கடைசியில் நான்கு கீபிரேமில் வந்து நிற்கும்.

கெடிலக்கரை

பார்த்துக் குறித்துக்கொண்டேன். முதல் 3 வினாடி வணக்கம், 900-இல் நிற்கிறாள். 3 முதல் 7 வரை நகர்ந்து 2100-க்கு வருகிறாள். 7 முதல் 10 வரை அங்கேயே சுழற்றுகிறாள், இருபக்கமும் 150 அளவுக்கு அசைகிறாள். 10 முதல் 12-க்குள் 2700-க்குப் பாய்கிறாள். எதிராளி 3100-இல். 12 முதல் 14 வரை இருவரும் மோதுகிறார்கள்.

முத்தியால்பேட்டை

நல்ல குறிப்பு. இனி எண்ணாக மாற்றுவோம்.

88.9-இல் உங்கள் படத்தின் அகலம் 3413 ஆகிறது. சட்டம் 1080. நடு இடம் X = 540. மூலத்தில் எந்தப் புள்ளி நடுவில் வரவேண்டுமோ, அதை 1920-இலிருந்து கழித்து, 0.889-ஆல் பெருக்கி, 540-ஐக் கூட்டுங்கள். அவள் வலப்பக்கம் போகப் போக X குறையும். ஏனென்றால் நாம் நகர்த்துவது சட்டத்தை அல்ல, சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் படத்தை. X 1706-க்கு மேலோ −626-க்குக் கீழோ போனால் ஓரத்தில் கறுப்பு தெரியும்.

3 ஆம் வினாடி: 900-க்கு X = 1447.
7 ஆம் வினாடி: 2100-க்கு X = 380.
10 ஆம் வினாடி: அதே 380.
12 ஆம் வினாடி: அவளை நடுவில் வைக்காதீர்கள், இருவருக்கும் நடுப்புள்ளியான 2900-ஐ வையுங்கள். X = −331. இருவருக்கும் இடையே 400 பிக்சல்தான். நெட்டுச் சட்டம் மூலத்தில் 1215 பிக்சல் அகலத்தைக் காட்டும், எனவே இருவரும் அடங்குவார்கள்.

3-லும் 10-லும் Ease Out, 7-லும் 12-லும் Ease In, பாதை எல்லாவற்றுக்கும் Linear. பிறகு 5 ஆம் வினாடிக்குப் போய் நிறுத்திப் பாருங்கள். அவள் எங்கே இருக்கிறாள்? சட்டத்துக்கு வெளியே போகும்படி இருந்தால் மட்டும் அங்கே ஐந்தாவது கீபிரேம். இல்லாவிட்டால் தொடாதீர்கள். 7 முதல் 10 வரை அவள் 150 அசைவதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கெடிலக்கரை

5 ஆம் வினாடியில் X தானாக 913-இல் இருக்கிறது, அதாவது சட்டத்தின் நடு 1500. அவளோ 1350-இல்தான் இருக்கிறாள். தொடக்கத்தில் மெதுவாக அடியெடுத்து வைக்கிறாள். நடுவிலிருந்து 130 பிக்சல் போல இடப்பக்கம் தங்கிவிடுகிறாள். திருத்தட்டுமா?

முத்தியால்பேட்டை

திருத்தாதீர்கள். அவள் போகும் திசையில் இடம் கிடைத்திருக்கிறது, அதுதான் வேண்டும். முன்னால் வெற்றிடம் இருந்தால் அவள் எங்கோ போகிறாள் என்று கண்ணுக்குப் புரியும். பின்தங்கிய சட்டத்தில் ஓரத்தை முட்டிக்கொண்டு நடந்தால் நமக்கே மூச்சு முட்டும்.

கட்டளைவரி

இதற்கெல்லாம் எடிட்டிங் மென்பொருளே வேண்டியதில்லை. நேரான நகர்வு என்றால் ஒரே வரி:

```
ffmpeg -i in.mp4 -vf "crop=1214:2160:x='800+90*t':y=0,scale=1080:1920" out.mp4
```

t என்பது வினாடி. 90 என்பது வினாடிக்கு நகரும் பிக்சல்.

உப்பளத்தார்

வேலை செய்யும், ஆனால் மெதுவான நகர்வுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். வழக்கமான 4:2:0 வீடியோவில் crop இரட்டைப்படைப் பிக்சலில்தான் வெட்டும். வினாடிக்கு 90 என்றால் ஃப்ரேமுக்கு 3.6. அதை அது நான்கு, நான்கு, நான்கு, நான்கு, இரண்டு என்று பங்கு போடும். 25 ஃப்ரேமில் ஐந்து முறை தடுக்கும். பின்னால் கம்பமோ சவுக்கு மரமோ இருந்தால் நடுங்குவது பளிச்சென்று தெரியும். வெட்டுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் படி சிறிதாகும், நேரமும் நினைவகமும் தின்னும். கைப்பேசிச் செயலிகள் சிலவற்றிலும் இதே நடுக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பிரீமியர், ரிசால்வ் போன்றவை பிக்சலுக்கு இடைப்பட்ட இடத்திலும் படத்தை வைக்கும், அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கட்டளைவரி

exact=1 என்று ஒரு தேர்வு இருக்கிறது. இரட்டைப்படைக் கட்டாயம் போகும்.

உப்பளத்தார்

போகும். அப்போதும் முழுப் பிக்சல்தான். நான்கு, மூன்று, நான்கு என்று போகும். பரவாயில்லை என்று சொல்லலாம், வழவழப்பு என்று சொல்ல முடியாது.

வில்லியனூர்க்காரன்

என் கேள்வியும் இதே போன்றதுதான். வில்லியனூர்த் தேரோட்டத்தில் தேரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுத்தேன். அதற்கு மேல் கீபிரேம் வைத்தால் படம் ஒருமாதிரி நீந்துகிறது. தேர் ஏற்கெனவே நெட்டாகத்தானே இருக்கிறது, எளிதாக வரும் என்று நினைத்தேன்.

முத்தியால்பேட்டை

கேமராவே தேரைத் தொடர்ந்துவிட்டதென்றால் அகலப் படத்துக்குள் தேர் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். கீபிரேமே வேண்டியிராது. தேரை நடுவில் கொண்டுவந்து ஒரே எண்ணில் விட்டுப் பாருங்கள். உங்கள் கையின் திருப்பம் ஒரு வேகம், கீபிரேமின் நகர்வு இன்னொரு வேகம். இரண்டும் சேராததுதான் நீச்சல். கை நின்று தேர் போன இடங்களில் மட்டும் கீபிரேம் வையுங்கள்.

கெடிலக்கரை

அக்கா, நான்கு கீபிரேமிலேயே முடிந்துவிட்டது. இரண்டு சந்தேகம் மிச்சம்.

10 முதல் 12 வரை பாயும்போது பின்னால் இருக்கும் விளக்குக் கம்பங்கள் வெட்டி வெட்டித் தெரிகின்றன. அதோடு, சுழற்றும்போது கம்பு நேர்க்கிடையாக வரும் தருணத்தில் இரண்டு நுனியும் சட்டத்தின் ஓரத்தில் வெட்டுப்படுகின்றன.

மஞ்சக்குப்பத்தான்

கம்பம் வெட்டுவதற்கு மருந்து என்னிடம் இருக்கிறது. Motion-இல் கீபிரேம் வைக்காமல் Transform என்ற எஃபெக்ட்டைப் போட்டு, அதில் வையுங்கள். அதில் Use Composition's Shutter Angle என்ற குறியை எடுத்துவிட்டு Shutter Angle-ஐ 180 ஆக்கினால் நகர்வுக்கு மங்கல் சேரும். உண்மையான கேமரா திருப்பம் போலவே இருக்கும்.

முத்தியால்பேட்டை

கம்பம் மங்கும், உண்மை. கூடவே அந்தப் பெண்ணும் மங்குவாள். அந்த எஃபெக்ட்டுக்கு ஆள் எது, பின்னணி எது என்று தெரியாது. படம் முழுவதும் நகர்கிறது, எனவே முழுவதையும் இழுத்துத் தேய்க்கும். திரையில் அசையாமல் இருக்கும் முகம் தேய்ந்திருந்தால் அது இன்னும் கெடுதல். 45 போலச் சிறிதாக வைத்துப் பாருங்கள், சில இடங்களில் தாங்கும்.

இதில் அடிப்படையான ஒரு வரம்பு இருக்கிறது. கேமராமேன் ஆளோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினால் ஆள் கூர்மையாகவும் பின்னணி மங்கலாகவும் பதிவாகும். நீங்களோ கேமராவை அசைக்காமல் எடுத்தீர்கள். அதில் பின்னணி கூர்மை, ஓடும் ஆள் மங்கல். இப்போது கீபிரேமால் அவளைத் தொடர்கிறீர்கள். அவள் திரையில் நிற்கிறாள், ஆனால் மங்கலாக. பின்னணி ஓடுகிறது, ஆனால் கூர்மையாக. தலைகீழ். மெதுவான நகர்வில் யாருக்கும் தெரியாது. 3 முதல் 7 வரை ஃப்ரேமுக்கு சராசரி 11 பிக்சல், தப்பித்தது. 10 முதல் 12 வரை 14, ஈஸ் இருப்பதால் நடுவில் அதற்கும் மேல். அங்கே கம்பம் காட்டிக் கொடுத்துவிட்டது. எடுக்கும்போதே ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் அவளாவது கூர்மையாக இருந்திருப்பாள். கம்பம் அப்போதும் வெட்டும்.

கம்பின் நுனி பற்றி: அவள் முழு உருவம் உங்கள் படத்தின் உயரத்தில் எவ்வளவு?

கெடிலக்கரை

பாதிக்கு மேல். ஏறத்தாழ 1300 பிக்சல்.

முத்தியால்பேட்டை

அப்படியென்றால் கணக்கு தெளிவு. கம்பு நெற்றி உயரம் என்றால் அது 1200 பிக்சல். உங்கள் சட்டம் காட்டும் அகலம் 1215. கம்பின் நடுப்பகுதி மிகச் சரியாகச் சட்டத்தின் நடுவில் இருந்தால் நுனிகள் ஓரத்தைத் தொடும். கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் வெட்டும். எந்தக் கீபிரேமாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அடுத்த முறை எடுக்கும்போது அவள் உயரம் படத்தில் பாதிக்கு மிகாமல் பின்னால் தள்ளி நில்லுங்கள். கம்பு ஆயிரம் பிக்சலில் அடங்கும், இருபக்கமும் நூறு மிஞ்சும்.

இப்போதைக்கு வெட்டுப்படட்டும். சுழலும் கம்பின் நுனி கணநேரம் மறைவது யாருக்கும் உறுத்தாது. கம்பை நேராக நீட்டி நிறுத்திக் காட்டும் நிலை இருந்தால் அதுதான் உறுத்தும். அங்கே மட்டும் Scale-ஐக் குறைத்து மேலும் கீழும் மங்கிய பட்டை வைக்கலாம். எனக்கு அந்தப் பட்டைகள் பிடிக்காது.

உப்பளத்தார்

10 முதல் 12 வரை நகர்த்தவே வேண்டாம் என்பது என் கருத்து. 10-இல் Hold கீபிரேம் வைத்து, அவள் பாயத் தொடங்கியதும் நேராக 2900-க்குத் தாவிவிடுங்கள். எதிராளி காத்திருக்கிறான், அவள் இடப்பக்கமிருந்து சட்டத்துக்குள் நுழைகிறாள். கம்பம் வெட்டும் பேச்சே இல்லை. பார்ப்பவர் இரண்டாவது கேமரா இருந்தது என்று நினைப்பார்.

முத்தியால்பேட்டை

இரண்டு சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருந்தால் அப்படி நினைப்பார். 2100-ஐ நடுவாகக் கொண்ட சட்டம் ஏறக்குறைய 1490 முதல் 2710 வரை. 2900-ஐ நடுவாகக் கொண்டது 2290 முதல் 3510 வரை. 400 பிக்சலுக்கு மேல் இரண்டிலும் வருகிறது. அதே கம்பம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தாவும். இரண்டாவது கேமரா போல இருக்காது, படம் குதித்தது போல இருக்கும்.

உப்பளத்தார்

அப்படியானால் 2900 வேண்டாம், எதிராளியை மட்டும் காட்டும்படி 3232-க்குத் தாவுங்கள். அதற்கு மேல் போனால் ஓரத்தில் கறுப்பு. சட்டம் 2625-இலிருந்து தொடங்கும், பொதுவான பகுதி 85 பிக்சலாகச் சுருங்கும். அவள் 2700-க்கு வந்ததும் சட்டத்துக்குள் வந்துவிடுவாள்.

முத்தியால்பேட்டை

ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருவாள். கம்பு பாதி வெளியே இருக்கும். அடி விழும் நேரத்தில் அடிப்பவரைக் காணோம் என்றால் சிலம்பம் தெரிந்தவர்கள் திட்டுவார்கள்.

மஞ்சக்குப்பத்தான்

12-இல் மறுபடி 2900-க்கு மெல்ல வந்துவிடலாமே?

உப்பளத்தார்

ஆமாம், தாவிவிட்டு இரண்டு வினாடியில் 332 பிக்சல் மட்டும் பின்வாங்குவது. வேகம் பாதிக்கும் கீழ். கெடிலக்கரை, இரண்டையும் செய்து போடுங்கள், பார்த்துவிடுவோம்.

கெடிலக்கரை

இரண்டையும் செய்தேன். வகுப்பு ஆசானிடம் காட்டினேன். அவர் கம்பத்தையும் பார்க்கவில்லை, தாவலையும் பார்க்கவில்லை. "காலடி ஏன் எழுத்துக்குப் பின்னால் மறைகிறது?" என்று மட்டும் கேட்டார். கீழே பெயர்ப்பட்டை வைத்திருந்தேன்.

முத்தியால்பேட்டை

பெயரை மேலே ஏற்றுங்கள். கீழ்ப்பகுதியில் செயலியின் பொத்தான்களும் தலைப்பும் எப்படியும் வந்து உட்காரும். கம்பம் வெட்டுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஆனாலும் நகர்வுதான் என் தேர்வு.

உப்பளத்தார்

தாவல்தான்.

வில்லியனூர்க்காரன்

தேருக்கு ஒரே எண் வைத்துப் பார்த்தேன், நீச்சல் நின்றது. தேர் திரும்பும் மூலையில் மட்டும் இரண்டு கீபிரேம் தேவைப்பட்டது. ஆனால் படம் முழுவதும் மங்கலாக இருக்கிறதே? என்னுடையது 1920×1080.

உப்பளத்தார்

அதுதான் காரணம். 1080 உயரத்தை 1920 ஆக்க 177.8 வரை பெரிதாக்குகிறீர்கள். மூலத்தில் 607 பிக்சல் அகலம்தான் உங்களிடம் இருக்கிறது. கூர்மையாக்கும் எஃபெக்ட் கொஞ்சம் போடலாம், தேரின் சிற்பங்களில் அதிகமாகப் போட்டால் வெள்ளை ஓரம் கட்டும். 4K-இல் எடுத்ததும் மங்கலாகத் தெரிகிறது என்றால் Scale to Frame Size கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது படத்தைச் சட்டத்தின் அளவுக்குச் சுருக்கிவிட்டு அதிலிருந்து பெரிதாக்கும். Set to Frame Size என்றால் மூலப் பிக்சல்கள் கைவிட்டுப் போகாது. புதிய பதிப்பில் பெயர் வேறாக இருக்கலாம்.